அவர் என்ன வேலை பார்த்தார் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள்

தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் நடக்கும் விழா எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மாதத்தின் கடைசி வேலைநாள். கேன்டீன் கூடத்தில் நாற்காலி போட்டுப் பின்னால் ஒரு பிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். பொன்னாடை, மாலை, ஒரு மோதிரம் அல்லது சுவர்க்கடிகாரம், கடைசியில் குரூப் போட்டோ. இவை எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும். ஒழுங்காக நடக்காமல் போவது பேச்சுதான். “நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்” என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். இதை அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஓய்வு பெறுபவருக்கும் சொல்லலாம், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் சொல்லலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதிலிருந்து புதிதாக ஒன்றும் தெரிய வராது.

சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெறுகிறவருக்கு இது கூடுதல் அநியாயம். மெஷின் ஓட்டியவர் இதுதான் என் மெஷின் என்று காட்டலாம். ஃபிட்டர் தான் கழற்றி மாட்டிய கியர் பாக்ஸைக் காட்டலாம். சூப்பர்வைசர் எதைக் காட்டுவார்? அவர் நன்றாக வேலை பார்த்த இரவில் எதுவுமே நடந்திருக்காது. மெஷின் நின்றிருக்காது, சரக்கு கலந்திருக்காது, யாருக்கும் கை மாட்டியிருக்காது. நடக்காமல் போனதற்கு ரிப்போர்ட்டில் கட்டம் கிடையாது. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்வதற்குக் கிடைக்கும் ஒரே மேடை இந்த விழா மேடை. ஆகவே ஒரு சூப்பர்வைசருக்குப் பிரிவுரை தயாரிக்க வேண்டியவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “இவர் இருந்ததால் என்னென்ன நடக்காமல் போயிற்று?” என்பதுதான்.

இதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்று. ரிங் ஃபிரேம் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர் 58 வயது முடிந்து ஓய்வு பெறுகிறார். 1988-ல் டாஃபிங் பையனாக உள்ளே வந்தவர். பிறகு சைடர், பிறகு மேஸ்திரி, 2004 முதல் சூப்பர்வைசர். இவர் ஒரே ஒரு மனிதர் அல்ல. இந்தப் பாதையில் வந்த பலரை ஒன்றாகச் சேர்த்து நான் இங்கே நிறுத்தியிருக்கும் ஆள். ஆனால் அவர் செய்த வேலையாக நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஷெட்டுக்குள் உண்மையாகவே நடக்கும் வேலை.

ரிங் ஃபிரேம் என்பது நூற்பாலையில் நூல் கடைசியாக நூலாக மாறுகிற இடம். அதற்கு முன்னால் பஞ்சு புளோ ரூமில் உடைபட்டு, கார்டிங்கில் சிக்கெடுக்கப்பட்டு, டிராயிங்கில் சீராகி, சிம்ப்ளக்ஸில் லேசாக முறுக்கேறித் தடித்த இழையாக வந்துவிடும். ரிங் ஃபிரேமில் அந்தத் தடித்த இழையை உருளைகள் இழுத்து மெல்லியதாக்கும். கீழே நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் ஸ்பிண்டில் அதை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும். ஒரு மெஷினில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டில்கள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் எந்த நிமிடமும் நூல் அறுபடலாம். அறுந்த நூலைப் பிடித்து ஒட்ட வைப்பது சைடரின் வேலை. இரண்டு மெஷின்களுக்கு நடுவே அவர் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்.

நூல் எவ்வளவு அறுபடும் என்பது பஞ்சைப் பொறுத்தது, மெஷினைப் பொறுத்தது. அதைவிட அதிகமாகக் காற்றைப் பொறுத்தது. ஷெட்டுக்குள் ஈரப்பதம் ஏறத்தாழ ஐம்பத்தைந்து, அறுபது சதவீதத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இழைகளில் நிலைமின்சாரம் ஏறி அவை ஒன்றையொன்று தள்ளிப் பறக்கும். மேலே போனால் பிசுபிசுப்பேறி உருளையில் ஒட்டும். இரண்டு பக்கம் போனாலும் விளைவு ஒன்றுதான். அறுந்த இழை கீழே போகாமல் மேல் உருளையின் ரப்பர் உறையைச் சுற்றிக்கொள்ளும். மில்லில் இதை லேப்பிங் என்பார்கள்.

லேப்பிங் ஆனால் அந்தச் சுற்றை எடுத்தால்தான் நூல் மறுபடி ஓடும். கொக்கியால் பொறுமையாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இன்னும் பத்து நூல் அறுந்து கிடக்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கும்? புதிதாக வந்த சைடர் பிளேடை எடுத்து ஒரு கீறு கீறுவார். சுற்று உடனே வந்துவிடும். கூடவே ரப்பர் உறையிலும் ஒரு கீறல் விழுந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் கீறல், உருளை சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு பழுதைப் பதிக்கும். முன் உருளையின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர். அப்படியானால் நூலில் ஒன்பது சென்டிமீட்டருக்கு ஒரு முறை ஒரு தடிப்போ மெலிவோ வந்துகொண்டே இருக்கும். அந்த உறையை மாற்றும் வரை கிலோமீட்டர் கணக்கில் அதே நூல்தான் சுற்றும். ஆலையில் இது தெரியாது. நெய்து சாயம் ஏற்றிய பிறகு துணியில் தெரியும். துணிக்காரர் திருப்பி அனுப்பும்போது அந்தப் பிளேடு யார் கையில் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

நம் சூப்பர்வைசர் ஷெட்டுக்குள் நடக்கும்போது பார்ப்பது இதைத்தான். சைடர்களின் இடுப்புப் பையைப் பார்ப்பார். பிளேடு இருந்தால் வாங்கிக்கொண்டு கொக்கியைக் கொடுப்பார். திட்ட மாட்டார். தானே ஒரு லேப்பிங்கை எடுத்துக் காட்டிவிட்டு, “இப்படி எடு அம்மிணி, அவசரப்படாத” என்று சொல்லிவிட்டுப் போவார். இவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் பேச வேண்டியது இதைத்தான். ஆனால் மேடையில் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் மேனேஜருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிரிவுரையில் முதல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பேசச் சொல்லிக் கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் மேலே இருப்பவர். விஷயம் தெரிந்தவர்கள் கீழே இருக்கிறார்கள்.

ஆகவே பேசப்போகிறவர் விழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஷெட்டுக்குள் போக வேண்டும். பெர்சனல் ஆபீஸிலிருந்து பணிப்பதிவேட்டை வாங்கிப் பார்த்துச் சேர்ந்த தேதி, பதவி மாறிய ஆண்டுகளைக் குறித்துக்கொள்வது அவசியம். ஆனால் அது ஐந்து நிமிட வேலை. மீதி நேரம் ஆட்களிடம் கேட்கப் போக வேண்டும். அவருக்குக் கீழே நெடுநாள் இருந்த ஒரு சைடர், அவருடன் தினமும் சண்டை பிடித்த மெயின்டனன்ஸ் ஃபிட்டர், அவரிடமிருந்து ஷிப்டை வாங்கிக்கொண்ட அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் என்று மூன்று பேர் போதும். நட்பாக இருந்தவர்களிடம் மட்டும் கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். சண்டை பிடித்தவரிடம் கேட்டால் சம்பவம் கிடைக்கும்.

எப்படிக் கேட்கிறோம் என்பது மிக முக்கியம். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால், “ரொம்ப நல்ல மனுஷங்க” என்ற பதில்தான் வரும். அது பொய்யல்ல. ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “அவர் உங்களை ஏதாவது ஒரு வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னாரா? எப்போது?” என்று கேளுங்கள். “அவர் லீவு போட்ட நாளில் என்ன கெட்டுப்போகும்?” என்று கேளுங்கள். “அவர் சொல்லிக்கொண்டே இருந்த வார்த்தை ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு யாரும் பண்பைச் சொல்லிப் பதில் தர முடியாது. நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும்போது எந்த மெஷின், எந்த ஷிப்ட், எந்தக் காலம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இல்லாத சம்பவத்தை மேடையில் சொன்னால் கட்டிவிட்ட கதை போலத்தான் ஒலிக்கும்.

கேட்டதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முப்பது வருடக் கதைகள் வாய்க்கு வாய் வளர்ந்திருக்கும். யாரோ செய்தது அவர் பேரில் ஏறியிருக்கும். இன்னொருவரிடம் கேட்டோ, பழைய லாக் புக் இருந்தால் அதைப் புரட்டியோ சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தவறான கதையைச் சொன்னால் மேடையில் இருக்கும் அவர் மறுக்க மாட்டார். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் கூடத்தில் இருக்கும் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இப்படிக் கேட்டுப் போனால் நம் ஆளைப் பற்றி என்ன கிடைக்கும்? பிளேடு விஷயம் கிடைக்கும். இன்னொன்று, மின்வெட்டுக் காலத்தைப் பற்றியது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்சாரம் எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும் என்று தெரியாமல் ஆலைகள் திணறின. மின்சாரம் நிற்கும்போது ரிங் ஃபிரேம் தானாக ஓடி ஓய்ந்து நிற்கும். ஈரப்பதம் கொடுக்கும் பிளான்ட்டும் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்குள் காற்று மாறிவிடும். மின்சாரம் திரும்பி வந்ததும் எல்லா மெஷினையும் ஒரே மூச்சில் போட்டால் என்ன ஆகும்? காற்று இன்னும் சரியாகியிருக்காது. ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் நூல் அறும். சைடர்களால் சமாளிக்க முடியாது. லேப்பிங் ஏறும். பிளேடு வெளியே வரும்.

சரியான முறை, முதலில் ஈரப்பத பிளான்ட்டை ஓட விட்டு, மீட்டரில் அளவு ஏறும்வரை காத்திருந்து, பிறகு மெஷின்களை ஒவ்வொன்றாகப் போடுவது. ஒரு மெஷினில் அறுந்த நூலெல்லாம் ஒட்டி முடிந்த பிறகுதான் அடுத்தது. இதற்கு நேரம் பிடிக்கும். ஃபுல் நைட்டில் அந்த நேரமும் புரொடக்ஷன் கணக்கில் குறையாகத்தான் விழும். காலையில் மேனேஜர் கேட்பார். அந்தக் கேள்விக்குத் தான் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, காத்திருந்த மனிதர் இவர். இதை அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் சொல்வார். ஏனென்றால் காலையில் ஷிப்டை வாங்கும்போது மெஷின்கள் சுத்தமாக ஓடிக்கொண்டிருப்பதை அவர்தான் பார்த்தார்.

சம்பவம் கிடைத்த பிறகு அடுத்து யோசிக்க வேண்டியது யாருக்காகப் பேசுகிறோம் என்பதை. கூடத்தில் நான்கு விதமான ஆட்கள் இருப்பார்கள். மேடையில் நிர்வாகம். நடுவில் தொழிலாளர்கள், அவர்களில் தொழிற்சங்கக்காரர்கள். பின்வரிசையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வேலை பார்க்கும் இளைஞர்கள். முன்வரிசையில் குடும்பம். பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேடையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். என் எண்ணம் வேறு. சூப்பர்வைசரின் பிரிவுரையை அவருடைய குடும்பத்துக்கு எழுத வேண்டும். மற்ற எல்லோருக்கும் அவர் வேலை ஏதோ ஒரு அளவுக்குத் தெரியும். ஷெட்டுக்குள் கால் வைக்காத மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் ஹாஃப் நைட் முடிந்து நள்ளிரவில் வந்து கதவைத் தட்டியதும், ஃபுல் நைட் போய்விட்டுப் பகலில் படுத்திருந்ததும், சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சும்தான். தீபாவளிக்கு முந்தைய இரவில் ஏன் ஓடினார், மகள் காய்ச்சலாகக் கிடந்தபோது ஏன் போனார் என்பதற்கு வீட்டில் அவர் ஒருபோதும் விளக்கம் சொல்லியிருக்க மாட்டார். அந்த விளக்கத்தை அவர் சார்பில் நாம் கொடுக்கும் இடம் இது.

குடும்பத்துக்கு எழுதினால் மொழியும் தானாகச் சரியாகிவிடும். லேப்பிங் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்ல வேண்டி வரும். அப்படிச் சொல்லும்போது, அந்த வேலையைத் தினமும் செய்கிற சைடர்களும் தங்கள் வேலையை ஒருவர் மேடையில் சரியாகச் சொல்வதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

நீளம் நான்கு, ஐந்து நிமிடம் போதும். மைக்கில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்குள்தான் வரும். ஆக, எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது நானூறு சொல்லைச் சுற்றித்தான். “மேடையில் வீற்றிருக்கும்” என்று தொடங்கி ஒவ்வொருவராக விளித்தால் இதில் கால் பங்கு போய்விடும். அந்த வேலையை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறவரிடம் விட்டுவிடலாம். பேசுகிறவர் எல்லோருக்கும் ஒரே வணக்கம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த ஷிப்டில் இருந்த இளைய சூப்பர்வைசர் பேசுவதாக வைத்து, நம் ஆளுக்கு ஒரு உரையை எழுதிப் பார்த்தேன்.

“எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணி, இன்னிக்கு நான் உங்ககிட்டத்தான் பேசப்போறேன். மேடையில இருக்கிறவங்க என்னை மன்னிக்கணும். அண்ணனைப் பத்தி இவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லைங்க. உங்களுக்குத்தான் சொல்லணும்.

1988-ல அண்ணன் இந்த மில்லுக்கு டாஃபிங் பையனா வந்தாருங்க. நூல் சுத்தி நிறைஞ்ச காப்ஸை எடுத்துட்டு காலி காப்ஸை மாட்டுற வேலை. அங்கிருந்து சைடர், மேஸ்திரி, சூப்பர்வைசர். ரிங் ஃபிரேம் ஷெட்டுல அவர் செய்யாத வேலைன்னு ஒண்ணு கிடையாது. அதனாலதான் அங்க யாரும் அவர்கிட்ட ‘இது முடியாது’ன்னு சொல்லி ஏமாத்த முடியாது.

நீங்க ஒரு தடவைகூட அந்த ஷெட்டுக்குள்ள வந்ததில்லை. நான் சொல்றேன். அங்க ஆயிரக்கணக்குல நூல் ஓடும். அதுல ஒண்ணு அறுந்தா, உருளையில போய்ச் சுத்திக்கும். அதைக் கொக்கியில மெதுவா எடுக்கணும். பிளேடுல அறுத்தா சீக்கிரம் வந்துடும், ஆனா உருளை கெட்டுப்போகும். அந்த உருளையில வர்ற நூல் எல்லாம் பழுதாகும். நமக்குத் தெரியாது, துணி வாங்கினவங்களுக்குத் தெரியும். அண்ணன் ஷெட்டுக்குள்ள வந்தா முதல்ல பையைத்தான் பார்ப்பாரு. பிளேடு இருந்தா கையை நீட்டுவாரு. குடுத்துடணும். அப்புறம் அவரே குனிஞ்சு, கொக்கியில எடுத்துக் காட்டுவாரு. இங்க உட்கார்ந்திருக்கிற சைடர்ங்கள்ல அவர்கிட்ட பிளேடைக் குடுக்காதவங்க யாரும் இல்லை. நானும் குடுத்திருக்கேன்.

கரண்ட் இல்லாத வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபுல் நைட்டுல ரெண்டு மணிக்குப் போன கரண்ட் மூணு மணிக்கு வரும். வந்தவுடனே மெஷினைப் போடணும்னுதான் யாருக்கும் தோணும். அண்ணன் போட விடமாட்டாரு. காத்து சரியாகட்டும்னு நிப்பாரு. மீட்டரைப் பார்த்துட்டு ஒவ்வொரு மெஷினா போடுவாரு. காலையில புரொடக்ஷன் குறைஞ்சதுக்கு அவர்தான் பதில் சொல்லணும். சொல்லியிருக்காரு. எங்க மேல ஒருநாளும் போட்டதில்லை. எட்டு மணிக்கு நான் ஷிப்ட் வாங்க வரும்போது மெஷின் எல்லாம் சுத்தமா ஓடிட்டு இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டுட்டு, ‘ஏழாம் நம்பர்ல வலது பக்கம் கொஞ்சம் பாரு’ன்னு சொல்லிட்டுப் போவாரு. போய்ப் பார்த்தா அங்க நிஜமாவே ஏதாவது இருக்கும்.

அண்ணி, பண்டிகை நாள்லயும், பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாத நாள்லயும் அவர் ஏன் இங்க வந்தாருன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அவர் வராத ஷிப்டுல என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். அதனால வந்தாரு. அந்த நேரமெல்லாம் உங்க வீட்டு நேரம். அதை நாங்க எடுத்துக்கிட்டோம். இந்த மில்லு சார்புல உங்களுக்கு நன்றி சொல்றேன்.

அண்ணா, உங்ககிட்ட ஒண்ணுதான் சொல்லணும். திங்கட்கிழமையிலிருந்து பையை நான் பார்க்கிறேன். நீங்க நல்லா தூங்குங்க.

வணக்கம்.”

இந்த உரையில் “கடின உழைப்பாளி” என்ற சொல் வரவில்லை. வரவேண்டிய தேவை ஏற்படவில்லை. பிளேடைக் கேட்டுக் கையை நீட்டும் மனிதரைச் சொன்ன பிறகு அவர் கண்டிப்பானவரா, அன்பானவரா என்று கேட்பவர்களே முடிவு செய்துகொள்வார்கள். சம்பவங்கள் இரண்டே. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தால் முதல் இரண்டும் மறந்துபோயிருக்கும். ஒன்று தினமும் நடந்தது, மற்றொன்று ஒரு காலத்தில் மட்டும் நடந்தது. வழக்கத்தை மட்டும் சொன்னால் உரை தட்டையாக இருக்கும். பெரிய சம்பவத்தை மட்டும் சொன்னால், அந்த ஓர் இரவைத் தவிர அவர் வேறொன்றும் செய்யாதது போலாகிவிடும்.

“எங்க மேல ஒருநாளும் போட்டதில்லை” என்ற வரியைக் கவனியுங்கள். சூப்பர்வைசரின் இடம் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கிறது. மேலிருந்து வரும் அழுத்தத்தைக் கீழே அப்படியே கடத்தாமல் தானே வாங்கிக்கொண்டவர் என்று சொல்வதுதான் அந்த இடத்தில் இருந்தவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. ஆனால் அதைச் சொல்லும்போது யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது. மேனேஜர் கேட்டது அவர் வேலை. இவர் காத்திருந்தது இவர் வேலை. உரையில் மேனேஜரை ஓர் அடியாவது வில்லனாக்கினால் கூடத்தில் கைதட்டல் கிடைக்கும். ஓய்வு பெறும் மனிதர் அதைக் கேட்டுக் கூசிப்போவார். பழைய வேலைநிறுத்தம், பதவி உயர்வு கிடைக்காமல் போன கதை, யாருடனோ இருந்த மனஸ்தாபம் எதற்கும் இது இடமல்ல.

விலக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. “இனி பேரப்பிள்ளைகளோடு விளையாடலாம்” என்று சொல்வது வழக்கம். வீட்டு நிலைமை நமக்குத் தெரியாது. கல்யாணம் ஆகாத மகள் இருக்கலாம், கடன் இருக்கலாம், அடுத்த மாதமே வேறு மில்லுக்கு வேலைக்குப் போக அவர் தீர்மானித்திருக்கலாம். உடல்நிலையைத் தொட்டுப் பேசுவதும் வேண்டாம். ஸ்பின்னிங் மில்லில் நெடுங்காலம் இருந்தவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் மூச்சுத் தொல்லை வருவதும் இரைச்சலால் காது மந்தமாவதும் உண்டு. அதை வைத்து மேடையில் வேடிக்கை செய்வதைக் கேட்டிருக்கிறேன். அது அவருக்கு வலிக்கும். மாறாக, காது கொஞ்சம் மந்தமாக இருப்பவர் என்றால் மைக்கை அவர் பக்கமாகத் திரும்பி மெதுவாகப் பேசுவதுதான் நாம் செய்ய வேண்டியது. தன்னைப் பற்றிப் பேசுவதை அவரே கேட்க முடியாமல் போகக்கூடாது அல்லவா?

பின்வரிசையில் இருக்கும் வடமாநில இளைஞர்களை விழாவில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இன்றைய ஆலைகளில் அவர்களும் சைடர்களாக நிற்கிறார்கள். அவர்களுக்கும் லேப்பிங் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான், பெரும்பாலும் கைசாடையில். பேச்சு தொடங்குவதற்கு முன்னால் அவர்களில் தமிழ் புரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து முக்கியமான நாலைந்து வரிகளை ஒடியாவிலோ இந்தியிலோ சொல்லச் சொன்னால் போதும். பேசுகிறவரே “கொக்கி”யைக் கையில் எடுத்துக் காட்டினாலும் போதும். அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். காலை ஷிப்ட் முடிந்து ஹாஃப் நைட் தொடங்குகிற மாலை நேரத்தில் வைத்தால் இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருப்பார்கள். ஆனால் வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம், மெஷினுக்குப் போக வேண்டியவர்கள் இன்னொரு பக்கம் என்று எழுந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே இந்த உரை முதலில் வர வேண்டும். நிர்வாகத்தின் பாராட்டும் பொன்னாடையும் அதற்குப் பிறகு வரலாம். விஷயம் தெரிந்தவர் பேச்சைக் கடைசியில் தள்ளிவைத்தால், அதைக் கேட்க வேண்டிய சைடர்கள் அப்போது கூடத்தில் இருக்க மாட்டார்கள்.

மனப்பாடம் செய்து பேச முயல வேண்டாம். வருஷக்கணக்காக உடன் இருந்தவரைப் பார்த்துப் பேசும்போது தொண்டை அடைக்கும், வரி மறந்துபோகும். தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் படித்தால் எந்தக் குறையும் இல்லை. சேர்ந்த ஆண்டு, மெஷின் எண், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

பணத்தைப் பற்றி மேடையில் பேசக்கூடாது. அவருக்கு இவ்வளவு கிராஜுவிட்டி வருகிறது என்று தொகையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சில இடங்களில் நடக்கிறது. அது அவர் சம்பாதித்தது, பரிசு அல்ல. சட்டப்படி, பணியில் நிறைவு செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டியது. அது கொடுக்க வேண்டியதாகும் நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கையில் சேர வேண்டும், தாமதமானால் வட்டியும் உண்டு. பேசப்போகிறவர் சக சூப்பர்வைசராகவோ சங்கக்காரராகவோ இருந்தால், விழாவுக்கு முன்னால் பெர்சனல் ஆபீஸில் போய் அதற்கான மனு கொடுத்தாயிற்றா, பி.எஃப். காகிதங்களும் பென்ஷன் படிவமும் நிரப்பியாயிற்றா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். சூப்பர்வைசர்களில் பலர் மற்றவர்களுக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். தங்களுடையதைத் தள்ளிப் போட்டிருப்பார்கள்.

விழா முடிந்ததும் நீங்கள் படித்த தாளை மடித்து உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் அவர் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கட்டும்.